சாய்வின் நம்பிக்கை இடைவெளியும் பி-மதிப்பும்: ஐந்து விடைகளில் சரியானதைப் பிரித்தெடுப்பது எப்படி?

புள்ளியியல் தேர்வில் தொடர்புப் போக்குக் கோட்டின் சாய்வு பற்றிய கொள்குறி வினா வந்தால், கணக்குப் போடுவது பெரும்பாலும் இரண்டு வரி வேலைதான். மதிப்பெண் போவது அதற்குப் பிறகு. ஐந்து விடைகளிலும் ஒரே எண்கள் இருக்கும், ஒரே மாதிரி வாக்கியங்கள் இருக்கும், ஒரு சொல் மட்டும் மாறியிருக்கும். அமெரிக்காவின் ஏ.பி. புள்ளியியல் தேர்வில் இந்த வகை வினா வழக்கமாக வந்திருக்கிறது. கல்லூரிப் பருவத் தேர்வுகளிலும் இதே அச்சில் வருகிறது. அந்த ஒரு சொல் எங்கே மாறும், மாறினால் ஏன் பொருள் கெடும் என்பதை ஓர் உண்மைத் தரவை வைத்துப் பார்ப்போம்.

ஆர் மென்பொருளோடு கூடவே வரும் `cars` என்ற தரவில் 50 பதிவுகள் உள்ளன. கார் ஓடிய வேகம் (மணிக்கு மைல்), அது நிற்க எடுத்துக்கொண்ட தூரம் (அடி) ஆகிய இரண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன. 1920களில் பதிவானவை என்பதால் வேகம் 4 முதல் 25 மைல் வரைதான். கீழேயுள்ள ஒரு வரியைத் தட்டினால் கோடு கிடைத்துவிடும்.

```
summary(lm(dist ~ speed, data = cars))
```

திரையில் வருவதில் நமக்கு வேண்டிய பகுதி இது:

```
             Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) -17.5791     6.7584  -2.601   0.0123
speed         3.9324     0.4155   9.464 1.49e-12

Residual standard error: 15.38 on 48 degrees of freedom
Multiple R-squared:  0.6511
```

வேறு மென்பொருளின் அட்டவணையைத் தேர்வில் கொடுத்தால் தலைப்புகள் `Coef`, `SE Coef`, `T`, `P` என்று இருக்கலாம். வரிசை இதேதான்.

முதலில் சரியான வரியைப் பிடியுங்கள்

சாய்வு இருப்பது `speed` வரியில். அதாவது, எந்த மாறியை வைத்துக் கணிக்கிறோமோ அதன் பெயர் போட்ட வரியில். மேல் வரி கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம். பதற்றத்தில் முதல் வரியின் 6.7584ஐத் திட்டப்பிழையாக எடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வினா தயாரிப்பவருக்கு இது தெரியும் என்பதால், அந்தத் தவற்றுக்கு ஏற்ற இடைவெளியும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

இன்னொரு பொறி 15.38. இதன் பெயரிலும் ‘standard error’ என்று இருக்கிறது. ஆனால் இது கோட்டிலிருந்து புள்ளிகள் செங்குத்தாக எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்பதன் அளவு. ஒரு காரின் நிற்கும் தூரத்தைக் கோட்டை வைத்துக் கணித்தால் ஏறக்குறைய 15 அடி பிசகலாம் என்று இது சொல்கிறது. சாய்வு எவ்வளவு பிசகலாம் என்பதைச் சொல்வது 0.4155 மட்டுமே.

`degrees of freedom` என்று குறித்த 48 என்பது 50 பதிவுகளிலிருந்து 2 கழித்தது. வெட்டும் இடம், சாய்வு என்று இரண்டைத் தரவிலிருந்தே மதிப்பிட்டுவிட்டதால் இரண்டு கழிகிறது. சராசரிக்கான சோதனையில் ஒன்றைக் கழித்துப் பழகியவர்கள் இங்கே 49 போட்டுவிடுவார்கள்.

இடைவெளியைக் கட்டுங்கள்

```
3.9324 ± 2.011 × 0.4155
= 3.9324 ± 0.8356
= (3.10, 4.77)
```

2.011 என்பது 48க்கான, 95 சதவீத டி-எல்லை மதிப்பு. கையில் அச்சிட்ட அட்டவணை மட்டும் இருந்தால் அதில் 48 இருக்காது. 40, 50 என்றுதான் இருக்கும். அப்போது 48ஐவிடச் சிறிய 40ஐ எடுத்துக்கொள்வது வழக்கம். எல்லை மதிப்பு 2.021 ஆகும், இடைவெளி (3.09, 4.77) என்று துளி அகலமாக வரும். விடைகளில் இந்தச் சிறு வேறுபாட்டைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 1.96ஐப் போட்டு வரும் இடைவெளியும் ஒரு விடையாக இருந்தால் அதை அடித்து நீக்க வேண்டும். திட்டப்பிழையைத் தரவிலிருந்தே மதிப்பிட்டிருக்கும்போது 1.96 பொருந்தாது.

விடைகளைப் படிக்கும் முன் உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள்

இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தரும். விடைகள் நன்றாகக் கோக்கப்பட்ட வாக்கியங்கள். வரிசையாகப் படித்தால் ஐந்தும் சரி போலவே தோன்றும். அதனால் தாளின் ஓரத்தில் முதலில் உங்கள் சொந்த வாக்கியத்தை எழுதிவிடுங்கள்: “இத்தகைய கார்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், வேகம் மணிக்கு 1 மைல் கூடும்போது நிற்கும் தூரம் சராசரியாக 3.10 முதல் 4.77 அடி வரை கூடுகிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.”

இதில் விட்டுவிட முடியாதவை நான்கு. பேச்சு முழுமைத் தொகுதியைப் பற்றியது. கூடுவது சராசரித் தூரம். வேகம் முதலில், தூரம் பிறகு. ‘நம்பிக்கை’ என்ற சொல் இருக்கிறது, ‘நிகழ்தகவு’ இல்லை. இனி விடைகளைப் பாருங்கள்.

(அ) 95 சதவீதக் கார்களுக்கு, வேகம் 1 மைல் கூடினால் நிற்கும் தூரம் 3.10 முதல் 4.77 அடி கூடும்.

(ஆ) வேகம் 1 மைல் கூடும்போது எல்லாக் கார்களின் சராசரி நிற்கும் தூரம் கூடும் அளவு 3.10க்கும் 4.77 அடிக்கும் இடையில் இருக்கிறது என்று 95 சதவீதம் நம்பலாம்.

(இ) வேகம் 1 மைல் கூடும்போது இந்த 50 பதிவுகளில் கணித்த தூரம் கூடும் அளவு 3.10க்கும் 4.77 அடிக்கும் இடையில் இருக்கிறது என்று 95 சதவீதம் நம்பலாம்.

(ஈ) முழுமைத் தொகுதியின் சாய்வு 3.10க்கும் 4.77க்கும் இடையில் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95.

(உ) தூரம் 1 அடி கூடும்போது சராசரி வேகம் 3.10 முதல் 4.77 மைல் வரை கூடுகிறது என்று 95 சதவீதம் நம்பலாம்.

(உ) வேகத்தையும் தூரத்தையும் இடம் மாற்றிவிட்டது. ஆர் கட்டளையில் `~` குறிக்கு இடப்பக்கம் `dist` இருக்கிறது. கணிக்கப்படுவது தூரம்தான். இதை முதல் பார்வையிலேயே அடித்துவிடலாம்.

(இ) கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விடை. இந்த 50 பதிவுகளின் சாய்வு நமக்குத் தெரியும், அது 3.9324. தெரிந்த எண்ணைப் பற்றி “95 சதவீதம் நம்பலாம்” என்று சொல்ல ஒன்றுமில்லை. அது இடைவெளியின் நட்டநடுவில் எப்போதும் இருக்கும். நாம் தேடுவது தெரியாத ஒன்றை, அதாவது `β` என்று எழுதப்படும் முழுமைத் தொகுதியின் சாய்வை. விடையில் ‘மாதிரி’, ‘இந்த 50’, ‘ஆய்வில் கலந்துகொண்ட’ போன்ற சொற்கள் தென்பட்டால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள்.

(அ) சாய்வைத் தனித்தனிக் கார்களின் குணமாக ஆக்கிவிடுகிறது. கோடு சொல்வது சராசரியைப் பற்றி. தனிக் கார் ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். அந்தச் சிதறலின் அளவு 15 அடி என்று சற்று முன் பார்த்தோம். நடுவிலிருந்து இருபக்கமும் ஒரு அடிக்கும் குறைவாகவே விரியும் இந்த இடைவெளிக்குள் அது அடங்காது.

மிச்சம் (ஆ), (ஈ). பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். `β` ஒரு நிலையான எண். நமக்குத் தெரியாது என்பதற்காக அது ஆடுவதில்லை. (3.10, 4.77) என்று எண்களை எழுதிவிட்ட பிறகு, `β` அதற்குள் இருக்கிறது அல்லது இல்லை. 95 சதவீதம் என்பது இந்த இடைவெளியைக் கட்டிய முறையின் தரம். அதனால் தேர்வில் (ஆ) சரி, (ஈ) தவறு.

முறையின் தரத்தையே நேராகக் கேட்கும் வினாவும் உண்டு: “95 சதவீத நம்பிக்கை மட்டம் என்பதன் பொருள் என்ன?” இது வேறு வினா. இதற்கு விடை 3.10, 4.77 என்ற எண்களைத் தொடவே கூடாது. இதே அளவுள்ள மாதிரிகளைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இடைவெளி கட்டினால், அவற்றில் ஏறத்தாழ 95 சதவீதம் உண்மையான சாய்வைத் தமக்குள் வைத்திருக்கும் என்பதே விடை. “95 சதவீத மாதிரிகளின் சாய்வு 3.10க்கும் 4.77க்கும் இடையில் விழும்” என்று ஒரு விடை பக்கத்திலேயே நிற்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடைவெளி இடம் மாறும். நம் இடைவெளியை அசையாத வேலியாக்கி, மற்ற மாதிரிகளின் சாய்வுகளை அதற்குள் அடைக்க முடியாது.

பி-மதிப்பைப் படித்தல்

அட்டவணையில் `speed` வரியின் கடைசி இரண்டு எண்கள் ஒரே ஒரு இன்மைக் கருதுகோளுக்காகக் கணக்கிடப்பட்டவை: `β = 0`. அதாவது, வேகத்துக்கும் தூரத்துக்கும் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை. 3.9324ஐ 0.4155ஆல் வகுத்தால் 9.464. சாய்வு பூச்சியத்திலிருந்து ஒன்பதரைத் திட்டப்பிழை தள்ளி நிற்கிறது என்று இதற்குப் பொருள். `1.49e-12` என்றால் 1.49ஐ 10இன் 12ஆம் அடுக்கால் வகுத்தது. அந்த `e-12`ஐக் கவனிக்காமல் பி-மதிப்பு 1.49 என்று எழுதினால், நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்ற அடிப்படையே போய்விடும்.

பி-மதிப்பின் விளக்கம் கேட்டால் சரியான விடையின் உருவம் எப்போதும் ஒன்றுதான்: “உண்மையில் சாய்வு பூச்சியம் என்று வைத்துக்கொண்டால், பூச்சியத்திலிருந்து 3.93 அல்லது அதற்கும் மேல் விலகிய மாதிரிச் சாய்வு தற்செயலாகக் கிடைக்க உள்ள நிகழ்தகவு.” சில தாள்களில் மாதிரிச் சாய்வுக்குப் பதில் டி-மதிப்பு 9.464 என்று இருக்கும். அதுவும் சரியே.

“என்று வைத்துக்கொண்டால்” என்ற நிபந்தனைதான் உயிர். அது விடுபட்ட விடையை அடியுங்கள். அது தலைகீழாக வந்தால், அதாவது “இப்படிப்பட்ட சாய்வு கிடைத்திருப்பதால் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு நிகழ்தகவு” என்று வந்தால், அதையும் அடியுங்கள். மழை பெய்தால் தெரு நனைந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதும், தெரு நனைந்திருந்தால் மழை பெய்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதும் ஒன்றல்ல. தண்ணீர் லாரி ஒழுகியும் போயிருக்கலாம். “அல்லது அதற்கும் மேல்” என்பது இல்லாமல் “சரியாக 3.93 கிடைக்க நிகழ்தகவு” என்று வரும் விடையும் தவறு.

அட்டவணை பதில் சொல்லாத வினா

“வேகம் 1 மைல் கூடினால் நிற்கும் தூரம் சராசரியாக 5 அடி கூடும் என்று ஒருவர் சொல்கிறார். 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில் இதை ஏற்காமல் விட ஆதாரம் உண்டா?” இங்கே இன்மைக் கருதுகோள் `β = 5`. அட்டவணையின் 9.464, 1.49e-12 இரண்டும் இதற்கு உதவா. அவை பூச்சியத்தோடு ஒப்பிட்டவை. இரண்டு வழி உண்டு. இடைவெளியைப் பார்த்தால் 5 என்பது (3.10, 4.77)க்கு வெளியே இருக்கிறது, எனவே நிராகரிக்கலாம். கணக்காகவும் போடலாம்:

```
t = (3.9324 − 5) / 0.4155 = −2.57
```

கழித்தல் குறியை விட்டுப் பார்த்தால், எல்லை மதிப்பு 2.011ஐ இது தாண்டிவிட்டது. முடிவு அதே. 4 அடி என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது இடைவெளிக்குள் விழுகிறது. அப்போது நிராகரிக்க ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லலாம், “4 என்பது நிரூபணமாகிவிட்டது” என்று சொல்ல முடியாது. 3.5உம் 4.5உம் அதே இடைவெளிக்குள்தானே இருக்கின்றன.

இடைவெளியும் சோதனையும் முரண்படுவது போல் தோன்றும்போது

`cars` தரவில் எல்லாம் தெளிவாக இருந்தது. தேர்வில் கடினமான வினாக்கள் விளிம்பில் நிற்கும் எண்களை வைத்துத்தான் வரும். பயிற்சிக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஓர் இளநீர்க் கடையில் தற்செயலாகத் தேர்ந்த 20 நாட்களின் உச்ச வெப்பநிலையும் (டிகிரி செல்சியஸ்) விற்ற இளநீர் எண்ணிக்கையும் கையில் இருக்கின்றன. சாய்வு 8.2, அதன் திட்டப்பிழை 4.7. அட்டவணையில் டி-மதிப்பு 1.745, பி-மதிப்பு ஏறத்தாழ 0.098. 20இலிருந்து 2 கழித்த 18க்கான 95 சதவீத எல்லை மதிப்பு 2.101, ஆகவே இடைவெளி (−1.67, 18.07).

பூச்சியம் உள்ளே இருக்கிறது. ஆக 5 சதவீத மட்டத்தில் `β = 0`ஐ நிராகரிக்க முடியாது என்று சொல்லத் தோன்றும். மாற்றுக் கருதுகோள் `β ≠ 0` என்றால் அது சரி. ஆனால் வினாவில் “வெயில் கூடினால் விற்பனை கூடுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா” என்று இருந்தால் மாற்றுக் கருதுகோள் `β > 0`. மென்பொருள் தருவது இருபக்கப் பி-மதிப்பு. கிடைத்த சாய்வும் நாம் கேட்ட திசையிலேயே இருப்பதால் அதைப் பாதியாக்கலாம்: 0.049. இது 0.05க்குக் கீழே, நிராகரிக்கலாம்!

அப்படியானால் இடைவெளி பொய் சொன்னதா? இல்லை. 95 சதவீத இடைவெளி இரு பக்கமும் 2.5 சதவீதம் விட்டுவைக்கிறது. ஒருபக்கச் சோதனை 5 சதவீதத்தையும் ஒரே பக்கத்தில் வைக்கிறது. அதற்கு இணையான இடைவெளி 90 சதவீதம். எல்லை மதிப்பு 1.734ஐப் போட்டால் (0.05, 16.35) வருகிறது. பூச்சியம் மயிரிழையில் வெளியே போய்விட்டது. ஆகவே “இடைவெளியில் பூச்சியம் இருக்கிறதா” என்ற குறுக்கு வழியைப் பயன்படுத்தும் முன், மாற்றுக் கருதுகோள் இருபக்கமா, இடைவெளியின் மட்டமும் சோதனையின் மட்டமும் சேர்ந்து 100 ஆகின்றனவா என்று பாருங்கள்.

பாதியாக்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. அதே கடையில் `β < 0` என்று கேட்டிருந்தால் பி-மதிப்பு 0.049 ஆகாது. 1 − 0.049, அதாவது 0.951 ஆகும். சாய்வு எதிர்த்திசையில் இருக்கும்போது பாதியாக்கிய எண் விடைகளில் கட்டாயம் இருக்கும்.

இருபக்கச் சோதனையின் முடிவைச் சொல்லும் விடைகளில், “0.098 என்பது 0.05ஐவிடப் பெரியது, எனவே வெயிலுக்கும் விற்பனைக்கும் தொடர்பு இல்லை” என்பது மிகவும் கவர்ச்சியான தவறு. அதே இடைவெளி ஒரு டிகிரிக்கு 18 இளநீர் வரை கூட இடம் தருகிறது. தொடர்பு இல்லை என்று காட்டிய தரவு இப்படி இருக்காது. “நேர்கோட்டுத் தொடர்பு உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை” என்பதே சரியான விடை. இன்மைக் கருதுகோளை ‘ஏற்கிறோம்’ என்ற வினைச்சொல் வந்தாலே அந்த விடையை விட்டுவிடுங்கள்.

நிபந்தனை பற்றிய விடை

சில வினாக்களில் ஒரு விடை, “இங்கே இந்தச் சோதனையே பொருந்தாது” என்று இருக்கும். அதை வாசிக்காமல் தாண்டுவது ஆபத்து, வரைபடம் கொடுத்திருந்தால் இன்னும் ஆபத்து. மீதிகள், அதாவது புள்ளிகள் கோட்டிலிருந்து செங்குத்தாக விலகும் அளவுகள். அவற்றின் வரைபடத்தில் இரண்டைப் பாருங்கள்: புள்ளிகள் வில் போல் வளைகின்றனவா, இடமிருந்து வலமாக விசிறி போல் விரிகின்றனவா. வளைந்தால் நேர்கோடு பொருந்தவில்லை. விரிந்தால் எல்லா வேகத்திலும் சிதறல் சமம் என்ற நிபந்தனை உடைகிறது, அப்போது 0.4155 போன்ற திட்டப்பிழையை நம்பக் கூடாது.

நம் `cars` தரவே இதில் முழுத் தூய்மையானதல்ல. பிரேக் போட்ட பிறகு ஓடும் தூரம் ஏறத்தாழ வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்பது இயற்பியல். வேகம் கூடக் கூடப் புள்ளிகளின் சிதறலும் கூடுவதை `plot(cars)` என்று தட்டினாலே காணலாம். வெட்டும் இடம் −17.58 அடி என்று வந்திருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. நின்றுகொண்டிருக்கும் கார் பின்னோக்கி 17 அடி போகாது. 4 முதல் 25 மைல் வரையிலான தரவில் போட்ட கோட்டைப் பூச்சியத்துக்கோ 60 மைலுக்கோ நீட்டிக் கணிக்கச் சொல்லும் விடை வந்தால், பி-மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பி-மதிப்பு சாய்வு பூச்சியமா என்று மட்டுமே கேட்டது. கோடு அங்கேயும் நேராகப் போகுமா என்று அது கேட்கவில்லை.